அந்த ஒரு வினாடித் தாமதம்

ஓர் இணையதளம் சில சமயம் மட்டும் சரியாக 1 வினாடியோ 3 வினாடியோ தாமதித்துத் திறக்கிறதா? டிசிபியின் முதல் பாக்கெட்டான 'சின்' வழியில் தொலைந்திருக்கலாம். சின் போய், சின்-ஆக் வந்து, ஆக் திரும்பினால்தான் இணைப்பு உருவாகும். புது இணைப்பில் பயண நேரம் தெரியாது. அதனால் லினக்ஸ் வழக்கமாக 1 வினாடி காத்திருந்து சின்னை மறுபடி அனுப்பும். அதுவும் தொலைந்தால், பழைய லினக்ஸ் பதிப்புகளில் இன்னும் 2 வினாடி.

தரவு ஓடத் தொடங்கியபின் இழப்பு சீக்கிரம் தெரிந்துவிடும். ஒரே ஆக் மேலும் மூன்று முறை வந்தாலே போதும், காத்திராமல் மறுபடி அனுப்பிவிடும். ஆனால் தொலைந்தது கிடைக்கும்வரை, பின்னால் வந்து சேர்ந்தவையும் செயலிக்குப் போகாமல் காத்துக்கிடக்கும். இணையவழிப் பேச்சில் இது பெரும் கேடு. 20 மில்லிவினாடிக் குரல் துண்டு பிந்தி வந்து என்ன பயன்? அங்கே யுடிபிதான் சரி. கோப்பு அனுப்பவோ, டிசிபியை விடாதீர்கள்.