ஃபிலிம் விலையும் பழகிய கையும்

ஊட்டி இந்து நகரில் இயங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1960இல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம். பிரான்ஸ் நாட்டுத் தொழில்நுட்பத்தோடு 1967இல் உற்பத்தி ஆரம்பமானது. ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் நாடெங்கும் போயின. உள்நாட்டில் அதற்குப் போட்டி இல்லை.

போட்டியில்லாதவர் என்ன விலை வைப்பது லாபம்? இன்றைய செலவை மட்டும் பார்த்தால் ஒரு விடை வரும். நாளைய செலவையும் சேர்த்துப் பார்த்தால் வேறு விடை வரும்.

ஃபிலிம் தயாரிப்பு இருட்டில் நடக்கும் வேலை. வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டின் குழம்பைப் படலத்தின் மேல் ஒரே சீராகப் பூசி, உலர்த்த வேண்டும். எங்கேனும் தடிமன் மாறினாலோ குமிழி விழுந்தாலோ அந்த நீளம் முழுக்கக் கழிவு. தயாரிக்கத் தயாரிக்கக் கை பழகும், கழிவு குறையும், செலவு இறங்கும். இதையே கற்றல் வளைவு என்கிறார்கள். விமானத் தயாரிப்பில் இதை அளந்து 1936இல் எழுதியவர் டி.பி. ரைட்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு ரோல் 100 ரூபாய் என்றால் வாங்க ஆளில்லை. விலை ஒரு ரூபாய் குறையும்போதெல்லாம் ஆயிரம் ரோல் கூடுதலாக விற்கும். தயாரிப்புச் செலவு 60 ரூபாய். முதல் ஆண்டில் தயாரிக்கும் ஒவ்வோர் ஆயிரம் ரோலும் அடுத்த ஆண்டின் செலவை ஒரு ரூபாய் குறைக்கும்.

அந்தந்த ஆண்டின் லாபத்தை மட்டும் பார்ப்பவர் முதலில் 80 ரூபாய் வைப்பார். 20,000 ரோல் விற்று, 4 லட்சம் லாபம் எடுப்பார். அடுத்த ஆண்டு செலவு 40 ஆகிவிடும். 70 ரூபாய்க்கு 30,000 ரோல் விற்று 9 லட்சம் பார்ப்பார். ஆக மொத்தம் 13 லட்சம்.

இரண்டு ஆண்டையும் சேர்த்து யோசிப்பவர் முதல் ஆண்டில் அடக்க விலையான 60க்கே கொடுத்துவிடுவார். லாபம் ஒரு காசு இல்லை. ஆனால் 40,000 ரோல் தயாரித்த பழக்கத்தில் செலவு 20க்கு இறங்கியிருக்கும். அடுத்த ஆண்டும் அதே 60 ரூபாய், அதே 40,000 ரோல். லாபம் 16 லட்சம். வாங்குபவருக்கும் இரண்டு ஆண்டுமே மலிவு. முதல் ஆண்டில் கூடுதலாக விற்கும் கடைசி ரோலின் உண்மையான செலவு 60 அல்ல, 20தான்: மீதி 40 ரூபாய் அடுத்த ஆண்டின் மிச்சமாகத் திரும்பி வருகிறது. மைக்கேல் ஸ்பென்ஸ் 1981இல் இதை விரிவாகக் காட்டினார்.

இந்தக் கணக்கு இரண்டு இடங்களில் பிசகும். ஒன்று, இரண்டாம் ஆண்டு சந்தை கைநழுவிப் போனால் முதல் ஆண்டில் விட்ட 4 லட்சம் போனதுதான். மற்றொன்று, விற்பனையால் மட்டும் கை பழகாது, பூசினால்தான் பழகும். வெளிநாட்டிலிருந்து பெரிய உருளைகளாக வாங்கி, வெட்டி, பெட்டியில் போட்டு எவ்வளவு மலிவாக விற்றாலும் பூச்சுச் செலவு இறங்காது. வண்ண ஃபிலிமில் ஊட்டி ஆலை அந்த வழியில்தான் போனது.

எக்ஸ்ரேவுக்கான பாலியெஸ்டர் ஃபிலிம் திட்டம் பெருங்கடனில் வந்தது. அந்தப் பூச்சில் கை பழகக் காலம் கிடைக்கவில்லை. 1996இல் நிறுவனம் நலிவடைந்ததாக அறிவிக்கப்பட்டது.