மிதக்கும் சூரிய மின் நிலையம்: மின்தகட்டை விட நங்கூரமே பெரும் சவால்

தெலங்கானா மாநிலம் ராமகுண்டத்தில் தேசிய அனல்மின் கழகத்தின் நீர்த்தேக்கத்தில் 100 மெகாவாட் திறன் கொண்ட மிதக்கும் சூரிய மின் நிலையம் இயங்கி வருகிறது. 423 கோடி ரூபாய் செலவில் பெல் நிறுவனம் அமைத்த இந்நிலையம், 2022 ஜூலை 1 முதல் முழுத் திறனுடன் செயல்பாட்டுக்கு வந்தது. தமிழகத்திலும் தூத்துக்குடி ஸ்பிக் வளாகத்தின் நீர்த்தேக்கத்தில் 22 மெகாவாட் மிதக்கும் நிலையம் 2022 மார்ச்சில் தொடங்கி வைக்கப்பட்டது.

நன்மைகள் என்ன?

முதல் நன்மை நிலம். ராமகுண்டம் நிலையம் சுமார் 500 ஏக்கர் நீர்ப்பரப்பில் விரிந்துள்ளது. தரையில் அமைத்திருந்தால் ஏறத்தாழ அதே அளவு நிலத்தைக் கையகப்படுத்த நேர்ந்திருக்கும். அனல்மின் நிலையத்தின் சுவிட்ச்யார்டு அருகிலேயே இருப்பதால், மின்சாரத்தை வெளியே கொண்டு செல்லப் புதிய கட்டமைப்பும் பெரிதாகத் தேவைப்படவில்லை.

இரண்டாவது நன்மை நீர்ச் சேமிப்பு. தகடுகள் வெயிலையும் காற்றையும் மறைப்பதால், அவற்றின் கீழுள்ள நீர் குறைவாகவே ஆவியாகிறது. இவ்வகையில் ராமகுண்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 32.5 லட்சம் கன மீட்டர் நீர் மிச்சமாகும் என மத்திய அரசு மதிப்பிட்டுள்ளது. நீரின் குளிர்ச்சியால் தகடுகளின் வெப்பம் குறைந்து, மின் உற்பத்தியும் சற்றுக் கூடுகிறது.

எவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது?

நிலையம் தலா 2.5 மெகாவாட் கொண்ட 40 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு தொகுதியிலும் 11,200 மின்தகடுகள் பிளாஸ்டிக் மிதவைகள் மீது பொருத்தப்பட்டுள்ளன. இன்வெர்ட்டர், மின்மாற்றி ஆகியவையும் ஃபெரோ சிமென்ட் மேடைகளில் நீரிலேயே மிதக்கின்றன. நீர்த்தேக்கத்தின் அடியில் வைக்கப்பட்ட கனமான கான்கிரீட் கட்டைகளுடன் மிதவைகள் வலிமையான செயற்கை இழைக் கயிறுகளால் பிணைக்கப்பட்டுள்ளன.

கயிற்றின் நீளம் ஏன் சிக்கலாகிறது?

நீர்மட்டம் ஏறி இறங்குவதே இதற்குக் காரணம். எடுத்துக்காட்டாக, கோடையில் 5 மீட்டரும் மழைக்காலத்தில் 15 மீட்டரும் ஆழமுள்ள நீர்த்தேக்கத்தைக் கொள்ளலாம். கயிறு 15 மீட்டருக்குக் குறைவாக இருந்தால், நீர் உயரும்போது அது மிதவையைக் கீழே இழுத்து மூழ்கடிக்கும். எனவே 25 மீட்டர் கயிறு கட்டப்படுகிறது எனில், நீர் நிறைந்திருக்கையில் அது விறைப்பாக நிற்க, நங்கூரத்தை மிதவை விளிம்பிலிருந்து 20 மீட்டர் தள்ளி இட வேண்டும். நீர் 5 மீட்டராகக் குறைந்தால் அதே கயிறு பக்கவாட்டில் 24.5 மீட்டர் வரை எட்டும். அதாவது, மிதவை ஒவ்வொரு திசையிலும் நாலரை மீட்டர் வரை நகர இடமுண்டாகும். அவ்வாறு நகர்ந்தால் அடுத்த தொகுதியுடன் மோதலாம், மின்வடங்களும் இழுபடலாம். இதைத் தவிர்க்க மீள்தன்மை கொண்ட கயிறுகளையோ, கயிற்றின் நடுவே எடை தொங்கவிடும் முறையையோ பொறியாளர்கள் கையாளுகின்றனர்.

கோடையில் வற்றும் ஏரி, குளங்களில் சிக்கல் இன்னும் கூடுகிறது. மேடுபள்ளமான தரையில் மிதவைகள் அமரும்போது அவற்றின் இணைப்புகள் முறுக்கப்பட்டு உடையக்கூடும்.

காற்றின் தாக்கம்

காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகிறது. அந்த விசையை முதலில் தாங்குவது விளிம்பு வரிசைகளும் அங்குள்ள நங்கூரங்களுமே. ஒரு நங்கூரம் விட்டுப்போனால் அதன் சுமை அடுத்ததன் மீது விழுந்து, தொடர் முறிவு ஏற்படலாம்.

ஜப்பானின் சிபா மாகாணத்திலுள்ள யமகுரா அணை நிலையம் இதற்குச் சான்றாகும். 50,000-க்கும் மேற்பட்ட தகடுகள் கொண்ட இந்நிலையத்தை 2019 செப்டம்பரில் ஃபக்சாய் புயல் தாக்கியது. மிதவைகள் பிணைப்பிலிருந்து விடுபட்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. சேதமடைந்த தகடுகளில் தீயும் பற்றியது. மத்தியப் பிரதேசத்தின் ஓம்காரேஷ்வர் அணையில் பணிகள் நடைபெற்று வந்த மிதக்கும் நிலையத்தின் ஒரு பகுதியும் 2024 ஏப்ரலில் வீசிய பலத்த காற்றில் சேதமடைந்தது.

பழுதை அறிவது எப்படி?

நங்கூரக் கோளாறு பெரும்பாலும் மிதவையின் இடமாற்றத்தில் முதலில் தெரியும். மிதவைத் தொகுதி வழக்கமான இடத்திலிருந்து விலகுவதும், ஒரு கயிறு மட்டும் தளர்ந்து அருகிலுள்ளது அளவுக்கு மீறி இறுகுவதும் எச்சரிக்கை அறிகுறிகளாகும். நீருக்கடியில் உள்ள இணைப்புகளை முக்குளிப்போர் இறங்கிப் பரிசோதிக்கலாம்.

மின்வடங்களின் இணைப்பில் ஈரம் புகுந்திருந்தால் அதிகாலையில் தெரியவரும். இன்வெர்ட்டர்கள் நாள்தோறும் இயங்கத் தொடங்கும் முன் மின்காப்பைச் சோதிக்கின்றன. காப்பு குறைந்திருந்தால் அவை இயங்க மறுக்கும்; வெயில் ஏறி ஈரம் உலர்ந்த பின் தாமாகவே இயங்கத் தொடங்கும். இது மீண்டும் மீண்டும் நிகழ்ந்தால், அந்த வரிசையின் இணைப்புகளைப் பரிசோதிக்க வேண்டும்.