கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது?

வீட்டில் பலகாரம் செய்து விற்பவர்களில் பலர், எத்தனை நாள் முன்னால் ஆர்டர் வாங்குவது, எத்தனை நாள் கெடாது என்று சொல்வது, எவ்வளவு தூரம் அனுப்புவது என்ற மூன்றையும் தனித்தனியாக முடிவு செய்கிறார்கள். என் கணிப்பில் மூன்றும் ஒரே கணக்கு. சாப்பிடும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால்தான் அது சரியாக வரும்.

அதிரசத்தை எடுத்துக்கொள்வோம். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முழுதும் போகுமுன் அரைக்க வேண்டும். வெல்லப்பாகைத் தண்ணீரில் விட்டால் உருட்ட வரும் பதத்தில் இறக்கி, மாவைக் கிளற வேண்டும். பாகு இளகினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும், முற்றினால் கல்லாகும். கிளறிய மாவு இரண்டு நாளாவது ஊற வேண்டும். ஞாயிறு காலை சாப்பிட வேண்டுமென்றால் சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வெள்ளி மாலை சுட்டு, எண்ணெய் பிழிந்து, இரவு முழுக்க ஆறவிட வேண்டும். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் ஆவி தண்ணீராகி, பூஞ்சை பிடிக்கும். அப்படியானால் புதனன்றே பாகு காய்ச்சியாக வேண்டும். செவ்வாயோடு ஆர்டரை நிறுத்த வேண்டும்.

இவ்வளவு நாள் சொன்னால் வாடிக்கையாளர் கடைக்குப் போய்விடுவாரே என்பார்கள். நியாயமான பயம்தான். அதற்காகச் சுட்ட அதிரசத்தை அடுக்கி வைத்துக்கொள்வது தவறான வழி. மாவைத்தான் கையிருப்பாக வைக்க வேண்டும். மூடிவைத்த அதிரச மாவு நாட்கணக்கில் தாங்கும். இறுகினால் கொஞ்சம் பால் தெளித்துப் பிசைந்துகொள்ளலாம். சுட்ட பிறகுதான் சிக்கு வாடைக்கான நாள் எண்ணத் தொடங்குகிறது. மாவு தயாராக இருந்தால் வியாழன் வரை ஆர்டர் வாங்கலாம். வாங்குபவருக்கும் சுட்டு ஒருநாள் ஆகாத பலகாரமே போய்ச்சேரும்.

கேக்கிலும் இதே முறைதான். ஸ்பாஞ்சை முந்தைய நாளே சுட்டு, காற்றுப் படாமல் சுற்றி வைக்கலாம். கிரீம் பூசும் வேலையைக் கடைசிக்குத் தள்ள வேண்டும். ஃபிரெஷ் கிரீம் கேக்கில் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும்போது, கெடக்கூடிய உணவு குளிரில்லாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பில் வழக்கமான வரம்பு. சென்னை மே மாதத்தில் அதற்கு முன்பே கிரீம் தளர்ந்து பூ வேலை சரியத் தொடங்கிவிடும். காலை பத்து மணிக்கு அரை மணியில் கடக்கும் சாலை, மாலை ஆறுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். ஆகவே எல்லையை நிமிடத்தில் வையுங்கள்: வீட்டு வாசலிலிருந்து அவர்கள் ஃபிரிட்ஜ் வரை முப்பது நிமிடம்.

ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பலாமே என்று கேட்கலாம். குளிர் தாங்கும், குலுக்கல் தாங்காது. தூரத்து ஆர்டர் வேண்டுமென்றால் கிரீம் இல்லாத பிளம் கேக்கைக் கொடுக்கலாம். எத்தனை நாள் கெடாது என்பதையும் பெட்டியிலேயே சொல்லிவிடுங்கள். கடைகளில் சில்லறையாக விற்கும் இனிப்புக்கே 2020 அக்டோபர் முதல் 'இந்தத் தேதிக்குள் சாப்பிடவும்' என்று எழுதிவைக்கச் சொல்லிவிட்டார்கள். வீட்டுப் பெட்டியிலும் அந்தத் தேதி இருக்கட்டும். கூடவே சுட்ட நாளையும், கிரீம் கேக் என்றால் பூசிய நேரத்தையும் எழுதுங்கள்.