முந்திக் கேட்டது எது?

1948. பனிப்போர் சூடுபிடித்திருந்த நேரம். அமெரிக்காவில் நடந்த ஒரு கருத்துக்கணிப்பில் மக்களிடம் இப்படிக் கேட்டார்கள்: வெளிநாட்டுக் கம்யூனிஸ்ட் பத்திரிகை நிருபர்கள் நம் நாட்டுக்கு வந்து, பார்த்ததைப் பார்த்தபடி தங்கள் பத்திரிகைக்கு எழுத அனுமதிக்கலாமா? நூற்றுக்கு 36 பேர்தான் ‘அனுமதிக்கலாம்’ என்றார்கள். இன்னொரு பாதிப் பேரிடம் இதைக் கேட்பதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்டார்கள்: ரஷ்யா போன்ற கம்யூனிஸ்ட் நாடு அமெரிக்க நிருபர்களை உள்ளே விடவேண்டுமா? அதற்குப் பதில் வாங்கிக்கொண்டுதான் முதல் கேள்விக்கு வந்தார்கள். இந்த முறை ‘அனுமதிக்கலாம்’ என்றவர்கள் 73 பேர். கேள்வியில் ஒரு சொல்கூட மாறவில்லை.

காரணம் ஊகிக்கக்கூடியதுதான். “நம்ம ஆளை அவன் விடணும்” என்று இப்போதுதான் சொன்ன வாய், அடுத்த நொடியே “அவன் ஆளை நாம் விடமாட்டோம்” என்று சொல்லக் கூசுகிறது. முதல் கேள்வி நியாய உணர்வைத் தட்டி எழுப்பிவிட்டது. தனியாகக் கேட்டபோது மனதில் முதலில் வந்து நின்றது கம்யூனிஸ்ட் என்ற பயம்.

அப்படியானால் எது உண்மையான கருத்து, 36-ஆ, 73-ஆ? இரண்டும்தான். பெரும்பாலான விஷயங்களில் நாம் முடிவைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை. கேட்ட பிறகு, அந்த நேரத்தில் நினைவில் முன்னால் நிற்பதை வைத்துத்தான் பதிலைக் கட்டுகிறோம்.

1980-இல் ஹோவர்ட் ஷூமன், ஸ்டான்லி பிரெஸ்ஸர் என்ற இரு ஆய்வாளர்கள் இதே கேள்விகளை மறுபடி கேட்டுப் பார்த்தார்கள். கம்யூனிஸ்ட் நிருபர் கேள்வி முதலில் வந்தபோது சுமார் 55 பேரும், பிறகு வந்தபோது சுமார் 75 பேரும் சம்மதித்தார்கள். இங்கேதான் எனக்குப் பெரிய பாடம் தெரிகிறது. 1948-இன் 36-ஐயும் 1980-இன் 75-ஐயும் பக்கத்தில் வைத்தால், ‘அமெரிக்கர்களின் மனம் அடியோடு மாறிவிட்டது’ என்று தலைப்புச் செய்தியே போடலாம். இரண்டு முறையும் பிறகு வந்த கேள்வியை மட்டும் ஒப்பிட்டால், மாற்றம் வெறும் இரண்டு புள்ளி. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடப்போகும் சர்வேயில் கேள்விகளின் வரிசையும் கேள்வியின் ஒரு பகுதி. நடுவில் ஒரு புதுக் கேள்வியைச் செருகினால், அதற்குப் பின்னால் வருபவை பழைய கேள்விகளாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

வரிசைக்கு இன்னொரு வேலையும் உண்டு: சொல்லத் தயங்குவதைச் சொல்லவைப்பது. நம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். கணவன் அடிப்பது பற்றிய கேள்விகள் அதில் கடைசிப் பக்கம்தான் வருகின்றன. அதற்குள் வயது, படிப்பு, குழந்தைகள், உடல்நலம் என்று நீண்ட நேரம் பேசியாகிவிட்டது. கேட்கும் பெண்ணும் வேற்றாளாகத் தெரிவதில்லை. ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் இதைக் கேட்பார்கள். அருகில் யாரும் இல்லாத தனிமை கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியையே விட்டுவிடவேண்டும். தொடங்குமுன், இனி வருவது அந்தரங்கமான விஷயம், சொல்வது வெளியே போகாது என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள்.

அந்தப் பகுதிக்குள்ளும் ஒரு படிக்கட்டு இருக்கிறது. எடுத்த எடுப்பில் ‘அடிப்பாரா?’ என்பதில்லை. வேறு ஆண்களோடு பேசினால் கோபப்படுவாரா, தோழிகளைப் பார்க்க விடுவாரா என்பவை முதலில். பிறர் முன்னால் அவமானப்படுத்துவது அடுத்து. அறைவது, தள்ளுவது, கையை முறுக்குவது என்று ஒவ்வொரு செயலாகக் கேட்பது அதற்கும் பிறகு. ‘வன்முறை’ என்று மொத்தமாகக் கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடியவர், ‘அறைந்ததுண்டா?’ என்றால் ஆமாம் என்பார்.

ஆனால் லேசானதிலிருந்து கனமானதற்குப் போகும் இந்த வழியிலும் ஒரு பொறி இருக்கிறது: கடைசிக் கேள்வி, அதற்கு முன்னால் வந்த எல்லாவற்றின் நிழலிலும் நிற்கிறது. சுயஉதவிக் குழுக் கடன் பற்றி ஒரு சர்வே என்று வையுங்கள். வசூலுக்கு வந்தவர் மிரட்டினாரா என்று கேட்டுவிட்டு, ‘மொத்தத்தில் இந்தக் கடன் திருப்தியா?’ என்றால், மிரட்டலை நினைத்தபடிதான் பதில் வரும். ஆகவே மொத்த மதிப்பீட்டை முன்னால் வையுங்கள். தொழில், வீட்டில் எத்தனை பேர் என்று தொடங்கி, கடன் பற்றிய பொதுக் கருத்து, பிறகு கடன் விவரம், அதன் பின் தவணை தவறியது, மிரட்டல், கடைசியில் வருமானம். வருமானத்தில் கோபித்துக்கொண்டு எழுந்து போனாலும் மற்ற பதில்கள் கையில் இருக்கும். ஒரேயடியாக நீட்டிவிடவும் கூடாது. களைத்தவர் சீக்கிரம் முடிந்தால் போதும் என்று எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டுவிடுவார்.

சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்க்கலாம். பெயர்ப் பட்டியலைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஒரு வரிசையிலும் மறு பாதிக்கு மாற்று வரிசையிலும் கேளுங்கள். பக்கத்துக்கு 200 பேர் என்றால், சதவீதத்தில் பத்துப் புள்ளிக்குக் குறைவான வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம். அதைத் தாண்டினால் வரிசைதான் வேலை செய்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். அப்போது ஒரு எண்ணை மட்டும் வெளியிடாதீர்கள். இரண்டையும், கேட்ட வரிசையோடு சேர்த்தே போடுங்கள்.