ஆல்டர்னேட்டரை எழுப்பும் விளக்கு

காரின் சாவியைத் திருப்பிவிட்டு, செல்ஃப் எடுக்காமல் ஒரு நொடி டேஷ்போர்டைப் பாருங்கள். எரியும் விளக்குகளில் ஒன்று பேட்டரி வடிவத்தில், ஒரு பக்கம் கூட்டல் குறியும் மறுபக்கம் கழித்தல் குறியுமாகச் சிவந்திருக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடும். அணைப்பது யார்? பல வருடங்களாகக் கார்களில் இருந்துவந்த அமைப்பில் அதற்கென்று சுவிட்ச் எதுவும் கிடையாது. இந்த விளக்கைப் புரிந்துகொள்ள அதுவே நல்ல வாசல்.

அந்தச் சிறு பல்பின் ஒரு முனை சாவி வழியாகப் பேட்டரியோடு இணைந்திருக்கிறது. மறுமுனை ஆல்டர்னேட்டருக்குள் போகிறது. எஞ்சின் ஓடாதபோது பேட்டரிப் பக்கம் 12 வோல்ட் இருக்கும், ஆல்டர்னேட்டர் பக்கம் ஒன்றுமே இருக்காது. அதனால் மின்சாரம் பாய்கிறது, பல்பு எரிகிறது. எஞ்சின் ஓடியதும் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் வரை எழும்பி, பேட்டரியையும் அதே அளவுக்குத் தூக்கிவிடுகிறது. இரண்டு தொட்டிகளில் தண்ணீர் ஒரே மட்டத்துக்கு வந்தால் நடுவிலுள்ள குழாயில் ஓட்டம் நின்றுவிடும் அல்லவா? பல்பு அந்தக் குழாயில் உட்கார்ந்திருக்கிறது. இரு பக்கமும் சமமானால் தானாக அணைகிறது.

ஆகவே ஓடிக்கொண்டிருக்கும்போது அது எரிந்தால், ஆல்டர்னேட்டர் பக்கம் மட்டம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். பேட்டரியின் வயதையோ உடல்நிலையையோ அந்த விளக்கு அளப்பதில்லை. படம் மட்டும் பேட்டரியின் படம். இதனால்தான் பலர் நேராகப் பேட்டரிக் கடைக்குப் போய்ப் புதியது ஒன்றை வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். முழுச் சார்ஜோடு வந்த புதிய பேட்டரி வண்டியைச் சிறிது நேரம் ஓட்டவும் செய்யும். ரிப்பேர் முடிந்தது என்று நம்பி ஊருக்குக் கிளம்பியவர் பாதி வழியில் நிற்பார்.

பல்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஆல்டர்னேட்டரின் நடுவில் சுழலும் ரோட்டர் நிரந்தரக் காந்தம் அல்ல, அது ஒரு மின்காந்தம். அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் செம்புச் சுருள்களில், 1831-ல் ஃபாரடே கண்டறிந்தபடி, காந்தம் சுழலச் சுழல மின்சாரம் பிறக்கிறது. ஆனால் ரோட்டர் காந்தமாக வேண்டுமானால் அதற்கே மின்சாரம் வேண்டும். எஞ்சின் இப்போதுதான் சுழலத் தொடங்குகிறது, முதல் மின்சாரம் எங்கிருந்து வரும்? அந்தப் பல்பு வழியாகத்தான் வருகிறது. இரண்டு வாட் அளவுள்ள பல்பைக் கடந்து ரோட்டருக்குள் கசியும் சிறு ஓட்டமே அதை லேசாகக் காந்தமாக்குகிறது. லேசான காந்தம் கொஞ்சம் மின்சாரம் தருகிறது, அந்த மின்சாரம் காந்தத்தை இன்னும் வலுவாக்குகிறது, கண் இமைப்பதற்குள் ஆல்டர்னேட்டர் தன் காலில் நின்றுவிடுகிறது. இந்த அமைப்புள்ள காரில் பல்பு ஃபியூஸ் ஆகிவிட்டால் சார்ஜே ஏறாமல் போகலாம். எனவே சாவி போட்டதும் எரிய வேண்டிய விளக்கு எரியாமல் இருந்தாலும் அதைக் கவனிக்க வேண்டும்.

இன்றைய பல கார்களில் விளக்கை ஏற்றுவதும் அணைப்பதும் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் ரெகுலேட்டர் அல்லது காரின் கணினி. வழி மாறினாலும் செய்தி அதேதான்.

ஆல்டர்னேட்டரில் பிறப்பது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். பேட்டரிக்கு ஒரே திசை வேண்டும். பழைய கார்களின் டைனமோ அதைக் கம்யூட்டேட்டர் மூலம் திருப்பியது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதில் சார்ஜ் போதுமான அளவு கிடைக்காது, சிக்னலில் நின்றால் விளக்கு மினுக்குவது சகஜம். சிலிக்கான் டயோடு மலிவான பிறகு நிலைமை மாறியது. 1960-ல் கிரைஸ்லர் நிறுவனம் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தியது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். நம் மெக்கானிக்குகள் பலர் இன்றும் ஆல்டர்னேட்டரை டைனமோ என்றே சொல்வார்கள், அதனால் குழப்பம் எதுவும் வருவதில்லை.

இப்போது சாலைக்கு வருவோம். இரவு நேரம், திருச்சியிலிருந்து சென்னை நோக்கி ஒரு சிறிய பெட்ரோல் கார் போகிறது. உளுந்தூர்ப்பேட்டை தாண்டியதும் அந்த விளக்கு எரிகிறது. விழுப்புரம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். போய்ச் சேர முடியுமா?

முதலில் பார்க்க வேண்டியது வெப்ப முள். ஆல்டர்னேட்டரைச் சுழற்றுவது எஞ்சினின் முன்பக்க பெல்ட். பல எஞ்சின்களில் தண்ணீர்ப் பம்பையும் அதே பெல்ட்தான் ஓட்டுகிறது. பெல்ட் அறுந்திருந்தால் சார்ஜ் நிற்பதோடு எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரின் சுழற்சியும் நின்றுவிடும். முள் மேலே ஏறினாலோ, ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் சட்டென்று கனத்தாலோ, ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். விழுப்புரக் கணக்கெல்லாம் அதோடு முடிந்தது. சில நிமிடப் பிடிவாதம் ஹெட் கேஸ்கெட்டைப் பதம் பார்த்துவிடும்.

வெப்பம் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இனி வண்டி முழுக்கப் பேட்டரியில் இருப்பதைத் தின்றுதான் ஓடும். சிறிய காரின் பேட்டரியில் 35 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கும். அந்த எண் 20 மணி நேரம் நிதானமாக வடித்துக் கணக்கிட்டது. வேகமாக உறிஞ்சினால் அவ்வளவு கிடைக்காது, பேட்டரிக்கு வயதும் ஆகியிருக்கும். 20 ஆம்பியர்-மணி கைக்கு வரும் என்று எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், ஸ்பார்க், கணினி ஆகியவை சேர்ந்து சுமார் 12 ஆம்பியர் கேட்கும். ஹெட்லைட் இரண்டும் 55 வாட் வீதம் 110 வாட், அதாவது 9 ஆம்பியர். பின்விளக்கு முதலானவற்றுக்கு 3 வைத்தால் மொத்தம் 24. ஏசி ஓடினால் உள்ளே புளோயர், முன்னால் ரேடியேட்டர் ஃபேன், கம்ப்ரசர் கிளட்ச் என்று இன்னும் 25 ஆம்பியருக்கு மேல் போகும். ஆக 50. இருபதை ஐம்பதால் வகுத்தால் 24 நிமிடம். 60 கிலோமீட்டர் வேகத்தில் 24 கிலோமீட்டரோடு வண்டி நின்றுவிடும். ஏசியை அணைத்துவிட்டால் 50 நிமிடம் கிடைக்கிறது, 40 நிமிடத்தில் விழுப்புரம் வந்துவிடும். ஒரு பொத்தான் செய்யும் வித்தியாசம் இவ்வளவு. பாட்டு, பின்கண்ணாடி ஹீட்டர், போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைக்கலாம். ஹெட்லைட்டை மட்டும் இரவில் அணைத்துச் சிக்கனம் பிடிக்கக் கூடாது. இது தோராயக் கணக்கு, பேட்டரி கிழமாக இருந்தால் பாதிகூட வராது.

இடையில் டீ குடிக்க நிறுத்தி எஞ்சினை அணைக்காதீர்கள். மறுபடி செல்ஃப் எடுக்க ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சோர்ந்துபோன பேட்டரியால் அதைக் கொடுக்க முடியாது.

பேட்டரி வடியும்போது கார் ஒரேயடியாக நிற்பதில்லை. முதலில் ஹெட்லைட் மஞ்சளடிக்கும், வைப்பர் சோம்பும். பிறகு ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் சம்பந்தமில்லாமல் எரியத் தொடங்கும். அந்தந்தக் கணினிகள் போதிய வோல்ட்டேஜ் இல்லாமல் திணறுகின்றன, அவ்வளவுதான். மின்சாரப் பவர் ஸ்டீயரிங் உதவியை விட்டுவிடும், வளையம் கல்லாய்க் கனக்கும். கடைசியில் எஞ்சின் விக்கி விக்கி நிற்கும். எஞ்சின் நின்ற பிறகு பிரேக் பூஸ்டரில் ஓரிரு முறை மிதிக்கத்தான் வெற்றிடம் மிச்சமிருக்கும், அப்புறம் பிரேக்கும் மரக்கட்டை போலாகும். ஹெட்லைட் மங்கத் தொடங்கும்போதே இடது ஓரத்துக்கு வந்து, ஹசார்டு விளக்கைப் போட்டு, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துவது இதனால்தான். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் உதவி கேட்கலாம். ஒரு விதிவிலக்கு: மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய டீசல் எஞ்சின்கள் ஓடத் தொடங்கிவிட்டால் மின்சாரத்தை அதிகம் கேட்பதில்லை. இன்றைய காமன் ரெயில் டீசலுக்கு அந்தச் சலுகை கிடையாது.

விழுப்புரம் வந்தாயிற்று. ஆட்டோ எலக்ட்ரீஷியன் என்ன தேடுவார்? பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் அழுத்திப் பார்ப்பார். தளர்ந்த பெல்ட் மழையில் நனைந்தால் கீச்சிட்டு வழுக்கும், காய்ந்ததும் விளக்கு அணைந்துவிடும். அடுத்த சந்தேகம் கார்பன் பிரஷ். சுழலும் ரோட்டருக்கு மின்சாரத்தைக் கொண்டுசேர்ப்பவை அவை, தேய்ந்து தேய்ந்து ஒருநாள் வளையத்தைத் தொடாமல் போகும். அதற்கு முன்னறிவிப்பாக, எஞ்சின் மெதுவாக ஓடும்போது விளக்கு மினுக்கி, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் மறையும். இந்த நிலையில் பிரஷ் மாற்றுவதோடு செலவு முடியும். விளக்கு முழுதாக எரியாமல் மங்கலாகக் கனன்றுகொண்டே இருந்தால் டயோடு ஒன்று போயிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது ஆல்டர்னேட்டர் பாதி வேலை செய்யும், பேட்டரி மெல்ல மெல்ல வாடும்.

உறுதிப்படுத்த மல்டிமீட்டர் போதும். எஞ்சின் அணைந்திருக்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். ஓடும்போதும் 12.3, 12.2 என்று இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கைவிட்டுவிட்டது, பேட்டரி கொதித்து அழுகிய முட்டை நாற்றம் வரும். சில புதிய கார்கள் எரிபொருளை மிச்சப்படுத்த வேண்டுமென்றே சார்ஜைக் குறைத்து 12.8 வரை காட்டும். ஹெட்லைட்டைப் போட்டால் அந்த எண் பெரும்பாலும் 14 பக்கம் ஏறிவிடும், ஏறாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஒரு சோதனையை மட்டும் யாரையும் செய்யவிடாதீர்கள். எஞ்சின் ஓடும்போதே பேட்டரி முனையைக் கழற்றி, வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்ப்பது டைனமோ காலத்துப் பழக்கம். பேட்டரி, வண்டியின் வோல்ட்டேஜ் எகிறாமல் பிடித்துவைத்திருக்கிறது. அதைச் சட்டென்று கழற்றினால், ரோட்டரின் காந்தப்புலம் உடனே தணியாது. பேட்டரிக்குப் போய்க்கொண்டிருந்த மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லாமல் வோல்ட்டேஜ் ஒரு கணம் பல மடங்கு எகிறும். அந்த ஒரு கணத்தில் டயோடுகள் போகலாம், எஞ்சின் கணினியும் போகலாம். கணினியின் விலையில் சில ஆல்டர்னேட்டர்கள் வாங்கலாம்.