ஞாயிறு மாலையின் கலக்கம்

ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி. பகலுணவுக்குப் பின் போட்ட உறக்கத்திலிருந்து எழுந்து, முகம் கழுவி, காப்பித் தம்ளரைக் கையில் எடுக்கிறோம். விடுமுறை இன்னும் முடிந்துவிடவில்லை; படுக்கப் போகும்வரை ஐந்தாறு மணி நேரம் நம்முடையதே. ஆயினும் நெஞ்சுக்குள் ஏதோ கனக்கிறது. காப்பி ருசிப்பதில்லை. வீட்டார் கேட்கும் கேள்விக்கு வெடுக்கென்று பதில் வருகிறது. என்ன காரணம் என்று கேட்டால், "நாளைக்குத் திங்கட்கிழமை" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தெரிவதில்லை.

உத்தியோகத்தின் பொருட்டு டெல்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறியிருக்கும் தமிழர் பலருக்கு இந்த மாலைப்பொழுது பழக்கமானதே. இதைச் சோம்பல் என்று சொல்லி நம்மை நாமே கடிந்துகொள்வது வழக்கம். ஆனால் ஒன்றைக் கவனித்தால் அது சோம்பல் அன்று என்பது விளங்கும். திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு நாம் எப்படி இருக்கிறோம்? பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறோம். கோப்பு திறந்திருக்கிறது, கை வேலையில் இருக்கிறது, அச்சம் போன இடம் தெரிவதில்லை. வேலையே காரணமானால் வேலை நடக்கும் நேரத்தில் அன்றோ அச்சம் மிக வேண்டும்? ஆகவே நம்மை வாட்டுவது வேலை அன்று. வேலை எவ்வளவு, எங்கே தொடங்குவது என்று தெரியாத நிலையே.

இதற்கு மனநூலார் ஒரு விளக்கம் தருகின்றனர். பாதியில் நிறுத்திய காரியத்தை மீண்டும் எடுத்து முடிக்க வேண்டும் என்ற உந்துதல் மனத்தில் தங்கிவிடுகிறது என்பதை 1920-களிலேயே பெர்லினில் ஆராய்ந்தார்கள். முடிக்காத காரியம் பிற வேலைகளுக்கு நடுவே மனத்தில் தலைகாட்டிக்கொண்டே இருக்கும். மாசிகாம்போ, பாமைஸ்டர் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் 2011-இல் வெளியிட்ட சோதனைகளில் மேலும் ஒன்று தெரியவந்தது. காரியத்தை முடிக்காவிட்டாலும், அதை எப்போது, எங்கே, எவ்வாறு செய்வது என்று திட்டமாக முடிவு செய்துவிட்டால் மனத்தின் நச்சரிப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. மனம் கேட்பது வேலையின் முடிவை அன்று. வேலைக்கு ஒரு நேரம் குறிக்கப்பட்டிருக்கிறது என்ற உறுதியையே.

இதிலிருந்து நடைமுறைக்கான முதற்பாடம் கிடைக்கிறது. ஞாயிறு மாலையின் கலக்கத்துக்கு மருந்து ஞாயிற்றுக்கிழமையில் இல்லை. வெள்ளிக்கிழமை பிற்பகலில் இருக்கிறது.

நம் அனுபவத்தையே சொல்லுகிறோம். நமது தொழில் மொழிபெயர்ப்பு. ஒருமுறை 64 பக்கமுள்ள ஓர் ஆண்டறிக்கை கையில் இருந்தது. புதன்கிழமை பிற்பகல் அது அச்சுக்குப் போக வேண்டும். வெள்ளியன்று 41 பக்கம் முடிந்திருந்தது. ஒரு நிதிச் சொல்லுக்குத் தகுந்த தமிழ் அகப்படவில்லை. ஏழாம் அட்டவணையில் கூட்டுத்தொகை பொருந்தவில்லை. மணி ஐந்தரை ஆனதும் எல்லாவற்றையும் அப்படியே மூடிவிட்டு வீட்டுக்கு ஓடினோம். சனிக்கிழமை தெரியவில்லை. ஞாயிறு மாலை அந்த அறிக்கை மலைபோல் வந்து முன்னே நின்றது. அது 64 பக்கமா, 640 பக்கமா என்று தெரியாத அளவுக்கு வளர்ந்திருந்தது!

அன்று மாலை ஆறு மணிக்கு, வாரந்தோறும் பேசுவதுபோல், ஊரிலிருக்கும் தாயாருடன் தொலைபேசியில் பேசினோம். அவர் பக்கத்து வீட்டுக் கலியாணத்தைப் பற்றி விரிவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாம் "ஆமாம்", "சரி" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். திடீரென்று அவர், "உனக்கு ஏதோ வேலை இருக்கிறதுபோல் இருக்கிறது, அப்பா. வைத்துவிடுகிறேன்" என்றார். நமக்கு அப்போது வேலை எதுவும் இல்லை. வாரத்தில் ஒரே நாள் பேசும் தாய்க்குக் கொடுக்க வேண்டிய காதைப் பிறக்காத திங்கட்கிழமைக்குக் கொடுத்திருந்தோம். வழக்கத்தை மாற்ற வேண்டும் என்று தோன்றியது அன்றுதான்.

அடுத்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமை கடைசி இருபது நிமிடங்களைத் தனியே ஒதுக்கினோம். அந்த நேரத்தில் புது வேலை எதையும் தொடுவதில்லை. ஒரு துண்டுத் தாளில் மூன்று செய்திகளை மட்டும் எழுதுகிறோம். முதலாவது, எஞ்சியிருப்பது எவ்வளவு என்னும் கணக்கு. இரண்டாவது, பிறரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது எது, யாரிடம், எத்தனை மணிக்கு என்பது. மூன்றாவது, திங்களன்று நாற்காலியில் அமர்ந்ததும் செய்ய வேண்டிய முதற்காரியம்.

மேலே சொன்ன அறிக்கைக்கே இந்தத் தாளை எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? எஞ்சியவை 23 பக்கங்கள். நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் நம்மால் இயலும். ஆகவே திங்கள் பத்து, செவ்வாய் பத்து, புதன் காலை மூன்று. அட்டவணையைப் பற்றிப் பிரிவு அதிகாரியிடம் திங்கள் பத்தரை மணிக்குக் கேட்க வேண்டியது. சொல்லைத் தேடுவது திங்கள் உணவு இடைவேளைக்குப் பின், அரை மணி நேரம். முதற்காரியம், 42-ஆம் பக்கத்தின் இரண்டாம் வாக்கியம். முதல் வாக்கியத்தை வெள்ளியன்றே மொழிபெயர்த்துவிட்டு எழுவது நல்லது. திங்களன்று வெற்றுத்தாளைப் பார்த்து விழிக்க நேராது. இவ்வாறு எழுதியபின் மலை என்று தோன்றியது 23 பக்கமாகச் சுருங்கிவிடுகிறது.

கணக்கு பொருந்தாமற் போனால் என்ன செய்வது? 23-க்குப் பதில் 40 பக்கம் எஞ்சியிருந்தால் புதனுக்குள் முடியாது என்பது வெள்ளியன்றே தெரிந்துவிடும். அதை அன்றே மேலதிகாரியிடம் சொல்லி, கூடுதல் ஆளோ கூடுதல் நாளோ கேட்கலாம். அதே செய்தியைப் புதன்கிழமை சொன்னால் குற்றமாகிவிடும்.

இந்த முறை பயன் தராமற் போவதும் உண்டு. பெரும்பாலும் அதற்குக் காரணம் தாளில் எழுதிய வாசகமே. "அறிக்கையை முடிக்க வேண்டும்" என்று எழுதினால் அது திட்டமாகாது. பழைய கவலையையே தாளில் பிரதி எடுத்ததாகும். எழுதியது சரியா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. தாளை வேறொருவர் கையில் கொடுத்தால், உங்களைக் கேளாமலே அவர் வேலையைத் தொடங்க முடிய வேண்டும். இன்னொரு தவறு, ஞாயிறு மாலை கைப்பேசியில் அலுவலகச் செய்திகளைப் புரட்டிப் பார்ப்பது. பார்க்கலாம், ஆனால் அப்போது ஒன்றும் செய்ய இயலாது. முடியாத காரியங்களின் எண்ணிக்கை கூடுவதே மிச்சம். மிக அவசரமானால் அழைத்துப் பேசும்படி உடன் பணியாற்றுவோரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால், புரட்டிப் பார்க்க வேண்டிய தேவை இராது.

வெள்ளியன்று எழுத மறந்துவிட்டவர்கள் ஞாயிறு இரவு படுக்கப் போகுமுன் எழுதலாம். அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 57 இளைஞர்கள் கலந்துகொண்டனர். படுக்குமுன் ஐந்து நிமிடம் ஒரு சாரார் இனிச் செய்ய வேண்டியவற்றையும், மற்றொரு சாரார் செய்து முடித்தவற்றையும் எழுதினர். செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாக உறங்கிவிட்டனர். விவரமாக எழுதியவர்களுக்கு உறக்கம் இன்னும் விரைவில் வந்தது. உடல்நலமுள்ள இளைஞரிடம், ஓர் இரவு மட்டும் நடந்த சோதனை இது. அந்த அளவுக்கே இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

உறக்கத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால், ஞாயிற்றுக்கிழமையின் மற்றொரு காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். வாரநாட்களில் ஆறு மணிக்கு எழுபவர் ஞாயிறன்று ஒன்பதுக்கு எழுகிறார். பகலுணவுக்குப் பின் இரண்டரையிலிருந்து நாலரைவரை உறங்குகிறார். ஐந்து மணிக்கு ஒரு காப்பி. இரவு பத்தரைக்கு விளக்கை அணைக்கிறார். விழித்திருக்கும் நேரம் கூடக் கூடத்தான் உறக்கத்தின் தேவை உடலில் சேருகிறது. பகல் உறக்கத்திலிருந்து எழுந்து ஆறு மணி நேரமே ஆனவருக்கு அது எப்படிச் சேர்ந்திருக்கும்? காப்பியின் சாரத்தில் பாதியளவு உடலை விட்டு நீங்கவே சாதாரணமாக ஐந்து மணி நேரம் ஆகிறது. ஆகவே அவர் விழித்தே கிடக்கிறார். விழித்துக் கிடப்பவருக்கு இருட்டில் திங்கட்கிழமையைத் தவிர வேறு துணை ஏது? கவலையால் உறக்கம் கெட்டது என்று அவர் எண்ணுகிறார். உறக்கம் வராததால் கவலை வந்து சேர்ந்தது என்பதே பல சமயங்களில் உண்மை.

ஞாயிறன்று வழக்கத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாக எழாமலும், பகல் உறக்கத்தை மூன்று மணிக்கு முன்பாக அரை மணியளவில் நிறுத்திக்கொண்டும், மாலைக் காப்பியைக் கைவிட்டும் இரண்டு மூன்று வாரம் பார்த்தால் வேறுபாடு தெரியும். மூன்றையும் ஒருசேரச் செய்ய இயலாதவர்கள் எழும் நேரத்தை மட்டுமாவது காப்பாற்றிக்கொள்ளலாம். மற்றவை அதைத் தொடர்ந்து சரிப்படும்.

நாம் காலையில் எழுவதற்கு ஓர் உபாயம் செய்துகொண்டோம். தாயாருடன் பேசும் நேரத்தை மாலை ஆறிலிருந்து காலை ஏழரைக்கு மாற்றினோம். வெளியூரில் வாழ்பவர்களுக்கு இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஊரிலிருப்பவர்களோடு பேசி முடித்ததும் சற்று நேரம் மனம் வெறிச்சிடும். அந்தத் தனிமையும் திங்கட்கிழமைக் கவலையும் ஒரே மாலையில் வந்து கலந்தால், எது எது என்று பிரித்தறிய முடியாது. இரண்டையும் சேர்த்து அலுவலகத்தின் தலையில் போடுவோம். காலையில் பேசினால் அந்த வெறுமை கரைய ஒரு பகல் முழுவதும் இருக்கிறது.

இவ்வளவு செய்தும் கலக்கம் தணியாதவர்கள் உண்டு. திங்களன்று பதினொரு மணிக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டால், வாரத்தில் பல இரவுகள் உறக்கம் கெட்டால், குறிப்பிட்ட ஒரு மனிதரின் முகம் நினைவுக்கு வரும்போதெல்லாம் உடல் நடுங்கினால், அது துண்டுத் தாளால் தீரும் விஷயம் அன்று. அலுவலகத்தில் நடக்கும் கொடுமைக்குப் பட்டியல் எழுதிப் பரிகாரம் தேட முடியாது. அத்தகையோர் மருத்துவரைக் காண்பது நல்லது. இந்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலிமானஸ் என்னும் மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக எந்நேரமும் அழைக்கலாம். அண்டை அயலில் தாய்மொழி பேசுவோர் இல்லாத ஊரிலிருந்தும் அதில் தமிழிலேயே பேச இயலும்.

மற்றையோருக்கு வரும் வெள்ளிக்கிழமை மாலை இருபது நிமிடமும் ஒரு துண்டுத் தாளும் போதும். நம் தாளில் இந்த வாரம் எஞ்சியிருப்பது பதினோரு பக்கம். தாயாரோ, ஞாயிறு காலைகளில் இப்போதெல்லாம் பேச்சைத் தாமாக முடிப்பதே இல்லை.