சுமை பாதிதான், மோதல் ஏன்?

10 அறைகள் கொண்ட ஹாஷ் அட்டவணையைக் கரும்பலகையில் வரையுங்கள். எண்ணை 10ஆல் வகுத்தால் வரும் மீதியே அறை எண். 10, 20, 30, 40, 50 ஆகியவற்றை மாணவர்கள் இடட்டும். ஐந்துக்கும் மீதி 0. ஒரே அறையில் மோதிச் சங்கிலியாக நிற்கும்.

பதிவுகளின் எண்ணிக்கையை அறைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைக்கும் சுமை விகிதம் 0.5 மட்டுமே. எண்கள் சீராகப் பரவினால், உள்ள பதிவைத் தேட எதிர்பார்க்கும் சராசரி ஒப்பீடு 1 + 4/20 = 1.2. இங்கோ (1+2+3+4+5)/5 = 3.

அறைகளை 11 ஆக்கினால் மீதிகள் 10, 9, 8, 7, 6. மோதல் இல்லை; ஒப்பீடு 1. ஆனால் 11, 22, 33 வந்தால் இதுவும் தோற்கும். எனவே சுமை விகிதத்தோடு மிக நீண்ட சங்கிலியையும் மாணவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.